சரிவுக்கு இடமில்லாத கிழக்குப் பக்கம்

“இடம் ரொம்பிடுச்சு மேடம். இனி ஒரு லோடு கூட அங்க தட்ட முடியாது” என்று டிப்பர்காரர் வந்து சொன்னபோது எங்கள் பள்ளம் முக்கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், உள்ளே தள்ளி, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தோம். மேலே நான்கு மாடி, கீழே பேஸ்மென்ட். வண்டிகள் நிறுத்தவும் தண்ணீர்த் தொட்டிகளுக்குமான பேஸ்மென்ட் அது. நான் அங்கே சைட் இன்ஜினியர். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட, தோண்டுகிற வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்தேன். குழந்தை பிறந்த பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலை. என் கணவருக்குத் தண்டலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. அது எப்போது நிற்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே இந்த வேலையைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிப்பர்காரர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நான்கு வண்டிகள் வைத்திருந்தார். மண்ணைக் கொட்ட அவருடைய சொந்தக்காரரின் தாழ்ந்த நிலம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம். மேடாக்கி மனை போடுவதாக அவர்களுக்கு எண்ணம். எவ்வளவு மண் வரும் என்று எங்கள் ஆபீஸில் கேட்டு, அதற்குத் தகுந்த நிலத்தைத்தான் பார்த்திருந்தார்.

“நீங்க சொன்ன கணக்குக்கு மேலயே வந்துச்சு. பள்ளத்துல பாத்தா இன்னும் அவ்ளோ கீது. இன்னா மேடம், மண்ணு உள்ள குட்டி போடுதா?” என்றார். சிரிக்கவில்லை. வண்டிகள் நான்கும் லோடோடு வாசலில் நின்றுகொண்டிருந்தன.

தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஆபீஸ் கணக்கு எங்கே வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பேஸ்மென்ட் முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், நான்கு மீட்டர் ஆழம். மூன்றையும் பெருக்கி இரண்டாயிரத்து நானூறு கன மீட்டர் என்று எழுதிவிட்டார்கள். கட்டடத்தின் அளவுக்குச் செங்குத்தாக, கத்தியால் கேக் வெட்டுவதுபோல் மண்ணை வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தால் அந்தக் கணக்கு சரி.

ஆனால் சுவர் கட்ட வேண்டுமானால் சுவருக்கு வெளியே ஆள் நிற்க வேண்டும். ஷட்டரிங் பலகை அடிக்க, முட்டுக்கொடுக்க, பிறகு தண்ணீர் கசியாத பூச்சுப் பூச, சுற்றிலும் ஒரு மீட்டராவது இடம் வேண்டும். அப்போது பள்ளத்தின் அடியே முப்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு ஆகிவிடுகிறது. அதோடு விடாது. மண் செங்குத்தாக நிற்காது. சரிவாக விட்டுத்தான் வெட்ட வேண்டும். எங்கள் மண்ணுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் வெளியே போகிற சரிவு. நான்கு மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் நான்கு மீட்டர் விரியும். ஆகத் தரைமட்டத்தில் பள்ளத்தின் வாய் நாற்பதுக்கு முப்பது. பெருக்கிப் பார்த்தால் பேஸ்மென்டின் பரப்பைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. வாய்க்கும் அடிக்கும் நடுவில் உள்ளதைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மூவாயிரத்து எழுநூற்று அறுபதைத் தாண்டியது. அதுவும் தரைக்குள் இறுகிக் கிடக்கிற மண். வெட்டியதும் அது உப்பும். லாரியில் ஏறும்போது இன்னும் கால் பங்கு கூடும். ஆபீஸ் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மண் வண்டி ஏற வேண்டியிருந்தது.

மேனேஜருக்கு போன் செய்தேன். அவர் சென்னையில் இருப்பவர், வாரத்தில் ஒரு நாள் வருவார். “நீளம், அகலம், ஆழம். இதுல என்னம்மா தப்பு வரும்?” என்றார். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். நான் பள்ளத்தின் குறுக்குவெட்டை வரைந்து காட்டினேன். மறுக்கவில்லை, அவர் படித்தவர், அவருக்குப் புரியாத விஷயமில்லை. யாரோ அவசரத்தில் போட்ட கணக்கைத் திறந்து பார்க்காமல் முதலாளியிடம் கொடுத்தது அவர்தான் என்பதால் முகம் இறுகிப்போயிருந்தது.

“இதை இப்ப மேலே சொல்ல முடியாது. மழைக்கு முன்னாடி அடியில ராஃப்ட் கான்கிரீட் போடணும். எந்தப் பக்கம் இன்னும் வெட்டல?”

“கிழக்கு.”

கிழக்கு எல்லையில் பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர். அதற்கு அந்தப்புறம், சுவரை ஒட்டிக் குளியலறைகளும் கழிவறைகளும் வரிசையாக. அதற்கும் அந்தப்புறம் ஒரு அம்மா வாடகைக்கு விட்டிருந்த ரூம்கள். எங்கள் பேஸ்மென்ட் சுவருக்கும் அந்தச் சுற்றுச்சுவருக்கும் இடையே ஐந்தரை மீட்டர் இருந்தது. வேலை செய்ய ஒரு மீட்டர், சரிவுக்கு நான்கு மீட்டர் போக அரை மீட்டர்தான் மிஞ்சும்.

“கிழக்குல ஸ்லோப் வேணாம். நேரா இறக்கிடுங்க. வொர்க்கிங் ஸ்பேஸ் அரை மீட்டர் போதும். மண்ணும் கம்மியாகும். மேல அஞ்சு மீட்டர் அப்படியே கிடைக்குதா? வண்டி கிடைக்கிற வரைக்கும் மண்ணை அங்கேயே குவிச்சு வைங்க” என்றார்.

அவர் சொன்ன வேகத்தில் அது ஒரு நல்ல யோசனை போலவே கேட்டது. மண்ணும் குறைகிறது, மண்ணுக்கு இடமும் கிடைக்கிறது.

“சார், செங்குத்தா வெட்டின விளிம்புலயே பாரம் ஏத்துறோம். மழை பெஞ்சா நிக்காது. அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க.”

“களிமண்ணும்மா. நிக்கும். பத்து நாள் நின்னா போதும்.”

“முட்டுக் கொடுத்து வெட்டலாம் சார். இல்ல கொஞ்சம் கொஞ்சமா…”

“அதுக்கெல்லாம் டைம் இல்ல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

நான் சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னேன். அவர் பொக்லைன் ஓட்டுகிறவரிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பொக்லைன் ஓட்டுகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெஷின் அவருடையதில்லை, முதலாளி வேறு. அன்று மதியம் வரை எஞ்சினை ஓட விட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி என்னிடம் வந்தார்.

“என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க மேடம். அவுக சொல்லிட்டுப் போயிட்டாக. நாந்தான அங்கன நிக்கணும்?”

என்னால் அவருக்கு வெட்டு என்றும் சொல்ல முடியவில்லை, வெட்டாதே என்று நிறுத்தி வைக்கவும் முடியவில்லை. வெட்டாமல் நின்றால் சாயங்காலம் வேறு மெஷின் வரும் என்று இருவருக்கும் தெரியும். கொஞ்சமாவது சாய்த்து வெட்டச் சொன்னேன். அவர் சாய்த்துத்தான் வெட்டினார். ஆனால் கீழே அரை மீட்டர், மேலே ஒரு மீட்டர் என்றால் அது சரிவே இல்லை. மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் பளபளவென்று சுவர்போல் நின்றது. அதன் தலையில் நாளுக்கு நாள் மண்மேடு உயர்ந்தது.

டிப்பர்காரர் வேறு இடம் தேடி அலைந்தார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, “ஏரிக் கால்வா ஓரமா தட்டிட்டு வந்துடலாமா மேடம்? நெறைய பேர் தட்டிகினுதான் கீறாங்க” என்று கேட்டார். கால்வாயை அடைத்தால் மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று கேட்டேன். “எங்க வூட்டுக்குள்ளதான்” என்றார், தலையைச் சொறிந்துகொண்டு. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். முன்பக்கம் வாசலருகே இருந்த இடத்திலும் மண் குவிந்தது. கம்பி இறக்க இடமில்லை. சிமெண்ட் லாரி திரும்ப இடமில்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் மண். கனவிலும் மண்ணே வந்தது. குழந்தையின் தொட்டிலைச் சுற்றி மண் ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் சுவருக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் அந்த ரூம்களின் வாடகையில்தான் அவருடைய குடும்பம் ஓடியது. ரூம்களில் தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்தார்கள். எல்லோரும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை.

“இன்னாம்மா இது, கொடியில துணி காயப் போட முடியல. செவுத்து மேல மலை மாதிரி ஏத்திகினே போறீங்க. எப்பதான் எடுப்பீங்க?”

“சீக்கிரம் எடுத்துடுறோம்மா. அதுவரைக்கும் பசங்களை இந்தப் பக்கம் ரொம்ப வராம பாத்துக்குங்க.”

“பாத்ரூமு இந்தப் பக்கம்தான் கீது. வராம எங்க போவாங்க?” என்று கேட்டார். அன்றைக்கே மேனேஜருக்கு மறுபடியும் போன் செய்தேன். “நிக்குதா இல்லையா?” என்று கேட்டார். நிற்கிறது என்றேன். “அப்புறம் என்ன?” என்று வைத்துவிட்டார்.

நின்றுகொண்டுதான் இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு காலையும் வந்ததும் முதலில் அந்த மண்சுவரைப் போய்ப் பார்ப்பேன். அது நிற்பதைப் பார்த்ததும் என் பேச்சு பொய்யானது போலவும், அது விழ வேண்டும் என்று நானே காத்திருப்பது போலவும் தோன்றும்.

மழை வந்தது. முதல் நாள் தூறல். அடுத்த நாள் ஓயாமல் பெய்தது. பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்க, பம்பு வைத்து இறைத்தோம். கம்பி கட்டுகிறவர்களைக் கிழக்குப் பக்கம் போக வேண்டாம் என்று தடுத்து, மேற்கு ஓரத்தில் மட்டும் வேலை கொடுத்தேன். மேட்டின் மேல் தார்ப்பாய் போட்டோம். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் மழை சற்று விட்டிருந்தது. பதினோரு மணி இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா மண்மேடு இல்லாத மூலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “யம்மா, கொஞ்சம் வா இங்க. பாத்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் சாத்திச்சு” என்றார்.

சுற்றிக்கொண்டு அவர் வாசல் வழியாக ஓடினேன். கதவு பழுதாகவில்லை, நிலை கோணியிருந்தது. தரை சிமெண்டில் ஒரு பிளவு. அதைக் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டு போனேன். குளியலறைகளைத் தாண்டி, ரூம்களுக்கு முன்னால் இருந்த நடைபாதையில், எங்கள் பள்ளத்துக்கு இணையாக ஓடியது. ஒரு விரல் நுழைகிற அகலம். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது; மேலே நிற்கவில்லை. பிளவுக்கு இந்தப்புறம் இருக்கிற அத்தனையும், மண்மேடு, சுற்றுச்சுவர், குளியலறைகள் எல்லாம், தரையிலிருந்து பிரிந்துவிட்டது. விழ வேண்டியது மட்டும்தான் பாக்கி.

“ரூமுல யாராவது இருக்காங்களா?”

“எல்லாம் கீறானுங்க. நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறானுங்க.”

“எழுப்புங்கம்மா. எல்லாரையும் தெருப்பக்கம் அனுப்புங்க. இப்பவே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். பையன்கள் லுங்கியோடும் தூக்கக் கண்ணோடும் வெளியே வந்தார்கள். ஒருவன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். கடைசி ரூம் கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஒருவன் இருந்தான். முதல் நாள் ஷிப்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்து படுத்தவன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தட்டத் தட்ட ஒருவழியாக எழுந்தான். தாழ்ப்பாளை விலக்குகிற சத்தம் கேட்டது. ஆனால் கதவு அசையவில்லை. அந்த நிலையும் கோணிக் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அண்ணே, தொறக்க வரல” என்று உள்ளிருந்து கத்தினான். ஜன்னலில் கம்பி.

நான் தெருவுக்கு ஓடி எங்கள் வாசலைப் பார்த்துக் கத்தினேன். கம்பி கட்டுகிறவர்களில் இரண்டு பேர் கடப்பாரையோடு தெருவைச் சுற்றி ஓடி வந்தார்கள். அவர்கள் கதவை நெம்பிக்கொண்டிருந்தபோது நான் மேனேஜருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன், தார்ப்பாய் போட்டு மூடுங்க, சாயங்காலம் பேசறேன்” என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. போனைப் பையில் போட்டேன்.

சாய்ந்துகொண்டிருக்கிற மண்ணுக்கு அடியில் மண்ணைப் போட்டு முட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மேட்டை மேலிருந்து எடுக்கலாம் என்றால், பிளவுக்கு உட்பட்ட இடத்தில் மெஷினையோ ஆளையோ ஏற்ற முடியாது. பள்ளத்துக்கே திரும்பி வந்தேன். பள்ளத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, டிப்பர்காரரிடம் சொன்னேன்: “வாசல்ல கெடக்கிற மண்ணை அள்ளி, வண்டி எறங்குற ரேம்ப் வழியா உள்ள எடுத்துட்டுப் போங்க. கிழக்குச் சுவர் அடியில கொட்டணும்.”

அவர் வாயைப் பிளந்தார். “இத்த வெளிய எடுக்கத்தான மேடம் இத்தினி நாளு நாயா அலைஞ்சேன்?”

“அண்ணே, அந்தச் சுவரு போகுது. பையன் ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கான்.”

அவர் தன் வண்டிக்கு ஓடினார்.

பொக்லைன்காரரிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசல் மேட்டில் இரண்டு வண்டிகளை நிரப்பிவிட்டு, மெஷினை ரேம்பில் இறக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஓடி, “கிட்டப் போகாதீங்க. கைய நீட்டுற தூரத்துலயே நில்லுங்க. தெக்கு மூலையில ஆரம்பிச்சு, தள்ளினதுக்கு மேல தள்ளிக்கிட்டே வாங்க” என்றேன்.

“செவுத்த நீங்க பாத்துக்கிடுங்க மேடம். நான் பக்கெட்டத்தான் பாப்பேன். அசைஞ்சா சத்தம் போடுங்க, ரிவர்ஸ் எடுத்துருதேன்.”

அவர் என் குரலை நம்பி உள்ளே போனார். நான் தெற்கு விளிம்பில், பிளவு எட்டாத இடத்தில் நின்றேன். ஒரு டிப்பர் கொட்டும், அவர் பக்கெட்டால் சுவரடிக்குத் தள்ளி அமுக்குவார், அடுத்தது கொட்டும். ஈர மண். சேறாக வழிந்தது. எவ்வளவு போட்டாலும் போதாததுபோல் இருந்தது. எத்தனை நாளாக இடத்தை அடைத்துக்கொண்டு என்னை மூச்சுமுட்ட வைத்த மண். அன்றைக்கு அதை அள்ளக் கைகள் போதவில்லை.

தெற்கு மூலையிலிருந்து பாதித் தூரம் முட்டுக்கொடுத்திருப்போம். அந்தப்புறம் கதவு பெயர்ந்த சத்தமும் பையன்கள் கூச்சலும் கேட்டன. “வந்துட்டான், வந்துட்டான்” என்று யாரோ கத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தேன்.

வடக்குப் பாதியில், சுவரின் பாதி உயரத்தில், களிமண் புடைத்துக்கொண்டு வந்தது. ஒரு பெரிய மிருகம் மூச்சை இழுப்பது போல. நான் கத்திய கத்தலில் என் தொண்டை கிழிந்தது. அதன் பிறகு சில நாள் குரலே இல்லை. மெஷின் பின்வாங்கியது. மண் பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. மண்மேடும், அதன் பின்னால் சுற்றுச்சுவரும், அதன் பின்னால் குளியலறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துகொண்டே கீழே இறங்கின. ஒரு நீலக் கதவு மண்ணுக்கு மேல் மிதந்து வந்து மெஷினுக்குச் சற்று முன்னால் நின்றது. பிறகுதான் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் மண் போட்டு முட்டுக்கொடுத்த தெற்குப் பாதி நின்றது. ரூம்கள் நின்றன, வடக்கே இருந்த இரண்டு மட்டும் விளிம்பில் தொங்குவதுபோல, தரை விரிந்து நின்றன.

நான் ஆட்களை எண்ணினேன். கம்பி கட்டுகிறவர்கள், டிப்பர் ஓட்டுநர்கள், பம்பு பார்க்கிறவர். பக்கத்து வீட்டு அம்மா தெருவில் பையன்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவரும் குறையவில்லை. கடைசி ரூம் பையன் வெறும் காலோடு, ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். அதை ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பொக்லைன்காரர் இறங்கித் தண்ணீர் குடித்தார். “மிச்சத்தையும் போட்டுருவமா மேடம்?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஏறினார். இருட்டும்வரை கொட்டினோம். ஒரு மாதம் தோண்டிய பள்ளத்தில் கிழக்குப் பாதி ஒரே நாளில் தூர்ந்துபோனது.

மேனேஜர் சாயங்காலம் வந்தார். முதலில் பள்ளத்தைப் பார்த்து, “யாரைக் கேட்டு இதை மூடினீங்க?” என்றார். என்னால் பேச முடியவில்லை, குரல் இல்லை. கையால் கிழக்கைக் காட்டினேன். அவர் போய் விளிம்பிலிருந்து தள்ளி நின்று பார்த்தார். திரும்பியபோது என்னிடம் எதுவும் சொல்லாமல் போனை எடுத்து முதலாளிக்குப் பேசினார். அப்போதுதான் முதன்முறையாக, நாற்பதுக்கு முப்பது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டேன்.

அதன்பிறகு நடந்தது எதுவும் வேகமாக நடக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், வேலை நின்றது. வடக்கு ரூம்கள் இரண்டையும் இடித்தே ஆகவேண்டும் என்றார்கள். மற்றதிலும் ஆள் தங்கக் கூடாது என்றார்கள். பையன்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுகளுக்கும் தண்டலத்தில் நண்பர்களிடமும் கலைந்தார்கள். கம்பெனி அந்த அம்மாவோடு ஒப்பந்தம் போட்டது: ரூம்கள் காலியாக இருக்கிற மாதங்களுக்கு ஈடு கொடுப்பது, விழுந்ததையும் இடித்ததையும் கட்டித் தருவது. அதற்குப் பதிலாகக் கிழக்குச் சரிவு அவர் மனைக்குள் கொஞ்சம் போக அவர் சம்மதிக்க வேண்டும். அசைந்து தளர்ந்த மண் முன்புபோல் ஒன்றுக்கு ஒன்றில் நிற்காது. இன்னும் சாய்வாக விட வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். வேறு என்ன செய்வார்?

தை மாதம் மறுபடி தோண்டினோம். கிழக்கில் மேலிருந்து சாய்த்துக்கொண்டே, நடுவில் ஒரு படி விட்டு இறக்கினோம். விளிம்பில் ஒரு கூடை மண்கூட வைக்கவில்லை. அனுமதி வாங்கிய ஒரு பழைய கல்குவாரிக் குழியை டிப்பர்காரர் கண்டுபிடித்திருந்தார். தூரம் அதிகம், ஆனால் அது நிறையவே நிறையாது. எவ்வளவு மண் வரும் என்று இந்த முறை நானே அவரிடம் சொன்னேன். “இது உப்பினதா, உப்பாததா?” என்று கேட்டார். இரண்டையும் சொன்னேன்.

பொக்லைன்காரர் அந்த வேலைக்கு வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஒருமுறை போன் செய்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். பிறகு, “ராத்திரி படுத்தா அந்தச் செவுரு வருது மேடம். கொஞ்ச நாள் மண்ணுப் பக்கம் போகல” என்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை. எனக்கும் வந்துகொண்டிருந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். அந்த மாதத்தில்தான் என் கணவரின் காண்ட்ராக்டும் முடிந்தது. தொடர்ந்து போனேன். என்னை யாரும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. மேனேஜர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். சுவர்கள் எழுந்தன, பூச்சு முடிந்தது, சுவருக்கும் சரிவுக்கும் இடையே கிடந்த பெரிய இடைவெளியை நிரப்புகிற நாள் வந்தது. அதற்கு மண் போதவில்லை. குவாரிக் குழியிலிருந்து கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தோம். ஒரு சாண் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கி, அதன்மேல் மறுபடி ஒரு சாண். நான் ஒரு அடுக்கையும் பார்க்காமல் விடவில்லை.

கடைசி அடுக்கு போட்ட நாள் அந்த அம்மா தன் மனைப் பக்கமிருந்து வந்து நின்றார். ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று புதிதாக நிரம்பிய மண்ணைச் செருப்பால் அழுத்திப் பார்த்தார்.

“இனிமே இது எறங்காதே?”

“கொஞ்சம் எறங்கும்மா. நல்லாத்தான் இறுக்கியிருக்கோம். ஆனாலும் ஒரு மழை முழுசா பாத்துட்டு அப்புறமா பாத்ரூமைக் கட்டச் சொல்லுங்க. அவசரப்பட வேணாம்.”

“உங்க ஆபீஸுல அடுத்த வாரமே கட்டிக் குடுத்துடறேன்னு சொல்றாங்களே?”

“கட்ட விடாதீங்க.”

“அன்னிக்கே நீ எங்கிட்ட இத்தினி நேரா சொல்லியிருக்கலாம்” என்று ஒருகணம் கோபமாக ஆரம்பித்து, பிறகு கையை உதறி, “சொல்லி இன்னா, நான் எங்க போயிருப்பேன்” என்று தனக்குத்தானே முடித்துக்கொண்டார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணைத் தாண்டித் தன் ரூம்களின் பக்கம் நடந்தார். நான் மறுநாள் காலை ஆபீஸுக்குப் போன் செய்து, கிழக்குப் பக்கம் அடுத்த மழைக்காலம் முடியும்வரை எதுவும் கட்டக் கூடாது என்று சொன்னேன். மேனேஜர் “சரி” என்றார்.